தோட்டக் கம்பெனியின் மூன்று கணக்குகள்: இலாபம் வேறு, கைப்பணம் வேறு

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் சில நாள்களுக்கு முன் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்ததும், முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் ஆண்டறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, கம்பெனியின் இலாபம் நான்கு மடங்கு உயர்ந்துவிட்டது என்று இதன் முதற் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால், உரம் போட்டு எட்டு மாதமாகிறது. லோரி பழுதாகிக் கிடக்கிறது. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. இவற்றில் எதை நாங்கள் நம்புவது?" என்று கேட்டார்.

அறிக்கை சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவர் கண்ணால் கண்டதும் உண்மையாக இருக்கலாம். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதைக் காட்டவே ஆண்டறிக்கையின் பின்பகுதியில் மூன்று கணக்குகள் அமைந்துள்ளன. அவை இலாப நட்டக் கணக்கு, ஐந்தொகை, ரொக்கப் புழக்கக் கணக்கு என்பன. மலாய்மொழி அறிக்கைகளில் இவை முறையே 'பெஞாத்தா உந்தோங் ரூகி', 'குஞ்சி கிரா-கிரா', 'பெஞாத்தா அலிரான் துனாய்' எனக் குறிக்கப்பெறும்.

கணக்கறிவு நம் தொழிலாளர்களுக்குப் புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கை வாங்கிய பால்மரத் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே பங்காளிகள் ஆயினர். பங்காளியாக இருப்பவருக்கும் சரி, கூலி பெறுபவருக்கும் சரி, இம்மூன்று கணக்குகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருப்பது பயன் தரும்.

பாடத்தின் பொருட்டு, ஒரே ஒரு ரப்பர்த் தோட்டத்தை உடைய ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பரப்பு 800 ஹெக்டர். அதில் 600 ஹெக்டரில் பால் வெட்டு நடைபெறுகிறது. எஞ்சிய நிலத்தில் இளங்கன்றுகளும் வெட்டு நின்றுபோன பழைய மரங்களும் உள்ளன. எண்கள் யாவும் விளங்குவதற்காக எளிமையாக்கப்பட்டவை. எந்தக் கம்பெனிக்கும் உரியவை அல்ல.

முதலாவது: இலாப நட்டக் கணக்கு

இக்கணக்கு ஓராண்டுக் காலத்தில் சம்பாதித்தது எவ்வளவு, அதற்காகச் செலவிட்டது எவ்வளவு என்பதைக் கூறும். நம் கம்பெனி இவ்வாண்டில் 7 இலட்சம் கிலோ ரப்பரைக் கிலோ 6 வெள்ளி வீதம் விற்றது. அதன் இலாப நட்டக் கணக்கு, இலட்சம் வெள்ளிக் கணக்கில், இவ்வாறு அமைகிறது:

ரப்பர் விற்பனை: 42
வெட்டுக் கூலி, உரம், களையெடுப்பு, ஆலைச் செலவு: கழிக்க 34
தேய்மானம்: கழிக்க 4
அலுவலக நிர்வாகச் செலவு: கழிக்க 3
தோட்டத் தொழிலில் மிச்சம்: 1
வங்கி வட்டி: கழிக்க 2
நிலம் விற்றதில் இலாபம்: கூட்ட 19
வரிக்கு முந்திய இலாபம்: 18
வரி: கழிக்க 2
நிகர இலாபம்: 16

சென்ற ஆண்டின் நிகர இலாபம் 4 இலட்சம். இவ்வாண்டு 16 இலட்சம். எனவே, 'நான்கு மடங்கு' என்னும் கூற்றில் பொய் இல்லை.

ஆயினும், புதிதாகப் படிப்பவர் பெரும்பாலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டுமே பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். செய்தி இருப்பதோ நடுவில். ரப்பரை விற்று, எல்லாச் செலவும் போக, தோட்டத் தொழிலில் கிடைத்த மிச்சம் 1 இலட்சம் வெள்ளிதான். வங்கி வட்டி 2 இலட்சத்தைக் கட்டினால் 1 இலட்சம் நட்டம். அந்த நட்டத்தை மறைத்து, இலாபத்தை 18 இலட்சமாக உயர்த்தியது நிலம் விற்ற வரவு ஒன்றே.

பால் கறக்கும் பசுவை வைத்திருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பால் விற்ற காசு வரவு. பசுவையே விற்ற காசும் வரவு. ஆனால், பசுவை விற்ற அடுத்த மாதத்தில் பால் கிடைக்காது. எனவே, வரவு எவ்வளவு என்பதோடு, அது அடுத்த ஆண்டும் வரக்கூடியதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மெய்யான அறிக்கைகளில் நிலம் விற்ற இலாபம் தனி வரியாக இல்லாமல் 'இதர வருமானம்' என்னும் பெயருக்குள் அடங்கியிருக்கக்கூடும். அவ்வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பெண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய விளக்கத்தைப் பின்பக்கங்களில் தேடிப் படித்தால் விவரம் வெளிப்படும்.

தேய்மானம் என்னும் சொல்லையும் இங்கே விளக்க வேண்டும். ரப்பர்க் கன்றை நட்டு ஆறேழு ஆண்டுகள் வளர்த்த பின்னரே வெட்டத் தொடங்குகிறோம். அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது பால் தருகிறது. ஒரு ஹெக்டரை நட்டு வளர்க்க 10,000 வெள்ளி செலவாகியிருந்தால், அதை இருபது ஆண்டுகளுக்குப் பங்கிட்டு ஆண்டுக்கு 500 வெள்ளி வீதம் செலவாக எழுதுவர். இதுவே தேய்மானம். வெட்டு நடக்கும் 600 ஹெக்டருக்கு இத்தொகை 3 இலட்சம் வெள்ளி. கட்டடம், லோரி, இயந்திரங்களுக்கு மேலும் 1 இலட்சம். கணக்கில் இது செலவுதான். ஆனால், இவ்வாண்டில் இதற்காக எவர் கையிலும் பணம் கொடுக்கப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கணக்கில் இது மீண்டும் வரும்.

பழைய அறிக்கைகளையும் புதியவற்றையும் ஒப்பிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. முன்னாளில் நம் நாட்டுத் தோட்டக் கம்பெனிகள் பல, மறுநடவுச் செலவை அந்தந்த ஆண்டின் செலவாகவே எழுதிவந்தன. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள் இப்போது பின்பற்றும் தரமுறையில், அச்செலவு மரத்தின் மதிப்போடு சேர்க்கப்பட்டுப் பின்னர்த் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. பல தோட்டக் கம்பெனிகள் 2018ஆம் ஆண்டில் இம்முறைக்கு மாறின. ஆகவே, மாற்றத்துக்கு முந்திய இலாபத்தையும் பிந்திய இலாபத்தையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடலாகாது.

இரண்டாவது: ஐந்தொகை

இலாப நட்டக் கணக்கு ஓராண்டின் கதை என்றால், ஐந்தொகை ஒரே ஒரு நாளின் நிழற்படம். ஆண்டின் கடைசி நாளன்று கம்பெனியிடம் இருப்பது என்ன, அது பிறருக்குத் தர வேண்டியது என்ன, கழித்தபின் பங்குதாரர்க்கு மிஞ்சுவது என்ன என்று இது கூறும். சொத்துகளின் கூட்டுத்தொகை, கடனும் பங்குதாரர் நிதியும் சேர்ந்த தொகைக்கு எப்போதும் சமமாக இருக்கும். காரணம், எந்தச் சொத்தும் ஒன்று கடன் பணத்தில் வந்திருக்க வேண்டும். அல்லது உரிமையாளர் பணத்தில் வந்திருக்க வேண்டும்.

நம் கம்பெனியின் ஐந்தொகை, இலட்சம் வெள்ளிக் கணக்கில், பின்வருமாறு. முதல் எண் சென்ற ஆண்டு. அடுத்த எண் இவ்வாண்டு.

நிலம்: 30, 29
மரங்கள், கட்டடம், வண்டிகள்: 40, 43
விற்காத சரக்கு: 3, 5
ரப்பர் வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி: 4, 8
ரொக்கம்: 2, 3
மொத்தச் சொத்து: 79, 88

வங்கிக் கடன்: 30, 27
கடைக்காரர், உர வியாபாரி ஆகியோர்க்குத் தர வேண்டியது: 3, 4
பங்குதாரர் நிதி: 46, 57
மொத்தம்: 79, 88

பங்குதாரர் நிதி 46 இலட்சத்திலிருந்து 57 இலட்சமாக உயர்ந்தது எப்படி? இவ்வாண்டின் இலாபம் 16 இலட்சம் சேர்ந்தது. பங்குதாரர்க்கு வழங்கிய இலாப ஈவு 5 இலட்சம் கழிந்தது. இவ்வாறு முதற்கணக்கின் கடைசி வரி இரண்டாவது கணக்கினுள் வந்து புகுகிறது.

ஐந்தொகையைப் படிக்கும்போது, தனி எண்ணைப் பார்ப்பதைவிட இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே பயனுடையது. இங்கே வெளிப்படையாகத் தெரியும் மாறுதல், பாக்கி 4 இலட்சத்திலிருந்து 8 இலட்சமாக இரட்டித்திருப்பது. விற்பனை இரட்டித்ததா? இல்லை. சென்ற ஆண்டு 40 இலட்சம், இவ்வாண்டு 42 இலட்சம், அவ்வளவே. சென்ற ஆண்டில் பாக்கி ஒரு மாதத்து விற்பனையைவிடச் சற்றே அதிகமாக இருந்தது. இவ்வாண்டில் அது இரண்டு மாதத்து விற்பனையையும் தாண்டிவிட்டது. சரக்கை வாங்கியவர்கள் பணம் தரத் தாமதிக்கிறார்கள் என்பது இதனால் புலனாகிறது. விற்ற ரப்பர் இலாபக் கணக்கில் ஏறிவிட்டது. பணமோ இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து, ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களைப் பார்க்க வேண்டும். அறிக்கைகளில் இது தனியே பிரித்துக் காட்டப்பெறும். வங்கிக் கடன் 27 இலட்சத்தில் 6 இலட்சம் வரும் ஆண்டிற்குள் கட்ட வேண்டியது எனக் கொள்வோம். வியாபாரிகளுக்குத் தர வேண்டிய 4 இலட்சத்தையும் சேர்த்தால் 10 இலட்சம். இதற்கு எதிராக ரொக்கம் 3, பாக்கி 8, சரக்கு 5 என 16 இலட்சம் உள்ளது. போதுமானதாகத் தோன்றுகிறது. ஆனால், பாக்கிக்காரர் ஒருவர் கைவிரித்தால் நிலைமை மாறிவிடும். பாக்கி முழுவதையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 8 இலட்சமே. கடன் 10 இலட்சம்.

நிலத்தின் மதிப்பு மற்றொரு நுட்பமான செய்தி. 800 ஹெக்டர் நிலம் ஏட்டில் 30 இலட்சம். அதாவது ஹெக்டருக்கு நாலாயிரம் வெள்ளிக்கும் குறைவு. முன்னோர் காலத்தில் வாங்கிய விலையே பல கம்பெனிகளின் ஏடுகளில் அப்படியே நிற்பதுண்டு. நம் கம்பெனி விற்ற 25 ஹெக்டரின் ஏட்டு மதிப்பு 1 இலட்சம். கிடைத்த விலையோ 20 இலட்சம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 19 இலட்சமே இலாபக் கணக்கில் ஏறியது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் எத்தனையோ தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்டிருக்கிறோம். ஏட்டு விலைக்கும் சந்தை விலைக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடே நிலத்தை விற்கத் தூண்டும் காரணங்களுள் ஒன்று.

மூன்றாவது: ரொக்கப் புழக்கக் கணக்கு

இக்கணக்கு ஒன்றை மட்டுமே கேட்கிறது: ஆண்டின் தொடக்கத்தில் பெட்டியில் இருந்த பணம், ஆண்டின் முடிவில் இருக்கும் பணமாக எவ்வாறு மாறியது? வாக்குறுதிக்கும் ஏட்டு மதிப்புக்கும் இங்கே இடமில்லை. வந்த பணமும் போன பணமும் மூன்று பிரிவுகளாக எழுதப்படும்.

முதற்பிரிவு தொழில் நடத்தியதில் வந்த பணம். வரிக்கு முந்திய இலாபமாகிய 18 இலட்சத்திலிருந்து இது தொடங்கும். பணம் போகாத செலவாகிய தேய்மானம் 4 இலட்சத்தைத் திரும்பக் கூட்டுவர். நிலம் விற்ற இலாபம் 19 இலட்சத்தைக் கழிப்பர். ஏனெனில், அது அடுத்த பிரிவுக்கு உரியது. இப்போது 3 இலட்சம் நிற்கிறது. பாக்கி 4 இலட்சம் கூடியதால் அவ்வளவு பணம் வரவில்லை, சரக்கு 2 இலட்சம் கூடியதால் அவ்வளவு பணம் கொட்டகையில் முடங்கிவிட்டது, இவ்விரண்டையும் கழிப்பர். வியாபாரிகளுக்கு 1 இலட்சம் கடன் கூடுதலாகச் சொல்லி வைத்ததால் அந்த அளவு பணம் கையில் தங்கியது, அதைக் கூட்டுவர். வரி கட்டியது 2 இலட்சம். ஆக, முடிவு: 4 இலட்சம் வெள்ளி பற்றாக்குறை.

இரண்டாம் பிரிவு முதலீடு பற்றியது. நிலம் விற்றதில் 20 இலட்சம் வந்தது. மறுநடவுக்கு 5 இலட்சமும் இயந்திரங்களுக்கு 2 இலட்சமும் போயின. மிச்சம் 13 இலட்சம்.

மூன்றாம் பிரிவு கடனும் பங்குதாரரும் பற்றியது. வங்கிக்கு முதல் திருப்பியது 3 இலட்சம். இலாப ஈவு 5 இலட்சம். ஆக 8 இலட்சம் வெளியே சென்றது.

பற்றாக்குறை 4, வரவு 13, செலவு 8. முடிவில் 1 இலட்சம் மிச்சம். தொடக்கத்தில் இருந்த 2 இலட்சத்தோடு அதைச் சேர்த்தால் 3 இலட்சம். ஐந்தொகையில் ரொக்கம் என்று எழுதியிருப்பதும் அதே 3 இலட்சம். மூன்று கணக்குகளும் இங்கே ஒன்றையொன்று தொடுகின்றன.

மூன்றையும் சேர்த்துப் படித்தால்

இப்போது பெரியவரின் கேள்விக்கு விடை கூறலாம். இக்கம்பெனி 16 இலட்சம் இலாபம் காட்டுகிறது. ஆனால், ரப்பர்த் தொழிலில் 4 இலட்சம் வெள்ளிப் பணம் கையை விட்டுப் போயிருக்கிறது. மறுநடவு, வங்கித் தவணை, இலாப ஈவு ஆகிய அனைத்தும் நிலம் விற்ற பணத்தில்தான் நடந்துள்ளன. உரம் தாமதமானதற்கும் லோரி கிடப்பில் போடப்பட்டதற்கும் காரணம் இத்தகைய பணமுடையாக இருக்கலாம். பாக்கி வசூலாகாமல், ரப்பர் விலையும் உயராமல் இருந்தால், அடுத்த ஆண்டின் பற்றாக்குறைக்கு மீண்டும் நிலத்தையே நாட வேண்டியிருக்கும். ஆகவே, தோட்டத்தில் அடிபடும் பேச்சைக் கணக்கு உறுதிப்படுத்தவில்லை. ஆயினும், அதை வீண் பேச்சென்று தள்ளிவிடவும் இடமளிக்கவில்லை.

ஓராண்டுப் பற்றாக்குறையைக் கண்ட மாத்திரத்தில் கம்பெனி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதும் தவறு. ஆண்டின் கடைசி வாரத்தில் ஏற்றிய பெருஞ்சரக்குக்கு அடுத்த மாதம் பணம் வந்துவிடலாம். மழைக்காலத்தில் வெட்டு நின்றிருக்கலாம். எனவே, தொழில் நடத்தியதில் வந்த பணம் என்னும் ஒரே வரியை மூன்று அல்லது நான்கு ஆண்டு அறிக்கைகளிலிருந்து எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். இலாபம் ஆண்டுதோறும் ஏறி, இந்த வரி ஆண்டுதோறும் இறங்கினால் கவலைக்கு இடமுண்டு.

கணக்கில் தெரியாத ஒரு கடன்

இறுதியாக, தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்பு நலன்கள் பற்றிய விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர் ஆட்குறைப்புச் செய்யப்பட்டால், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 20 நாள் கூலி பெறும் உரிமை உடையவர். இருபதாண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி. நாட்கூலி சராசரி 65 வெள்ளி எனில், இது 26,000 வெள்ளி. இத்தகையோர் அறுபது பேர் இருப்பின் 15 இலட்சத்து 60 ஆயிரம் வெள்ளி ஆகிறது. தோட்டம் கைமாறும்போது, புதிய உரிமையாளர் குறையாத நிபந்தனைகளோடு அதே வேலையைத் தொடர விதிப்படி முன்வந்தால், இத்தொகை கொடுக்கப்பட வேண்டியதில்லை.

ஆட்குறைப்பு முடிவு செய்யப்படாத வரை, இத்தொகை ஐந்தொகையில் கடனாக எழுதப்படுவதில்லை. நம் கம்பெனியின் பெட்டியிலோ 3 இலட்சம் வெள்ளிதான் இருக்கிறது. ஆகவே, நிலம் விற்கப்படும் என்ற பேச்சு எழும்போது, விற்ற பணத்தில் முதலில் வங்கிக்கு எவ்வளவு போகும், தொழிலாளர் நலனுக்கென எவ்வளவு ஒதுக்கப்படும் என்று தொழிற்சங்கத்தின் வழியாகக் காலத்தோடு கேட்பது அறிவுடைமையாகும்.

பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் புர்சா மலேசியா இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம். மற்றக் கம்பெனிகள் பதிவு செய்துள்ள கணக்குகளை மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும் கணக்கைக் கேட்டுப் பார்க்கலாம்.

பயிற்சி

உங்கள் கைக்குக் கிட்டும் ஓர் அறிக்கையை எடுத்துக்கொண்டு, பின்வரும் மூன்று வினாக்களுக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள்.

1. நிலம், கட்டடம் போன்றவற்றை விற்ற இலாபத்தை நீக்கிவிட்டால், வரிக்கு முந்திய இலாபம் எவ்வளவு?
2. வாங்கியவர்கள் தர வேண்டிய பாக்கி எத்தனை மாத விற்பனைக்குச் சமம்? சென்ற ஆண்டில் எத்தனை மாதம்?
3. தொழில் நடத்தியதில் வந்த பணம், மறுநடவுக்கும் இலாப ஈவுக்கும் போதுமானதாக இருந்ததா?

நம் கற்பனைக் கம்பெனிக்குரிய விடைகள்: ஓர் இலட்சம் நட்டம், சென்ற ஆண்டில் ஒரு மாதத்துக்குச் சற்று மேல், இவ்வாண்டில் இரண்டு மாதத்துக்கு மேல், போதவில்லை.